எந்த நிமிடத்தில் எழுந்திருக்கிறான்?

நான்காம் வகுப்புக்கு ஆசிரியையாக இருந்த ஓர் ஆண்டு, பள்ளி திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பையனின் பெயர் எனக்கு வாய்ப்பாடாகிவிட்டிருந்தது. உட்காரு, திரும்பு, எழுது, பக்கத்தில் இருப்பவனை விடு. முந்தைய வகுப்பு ஆசிரியை அவனை ஒப்படைக்கும்போதே, "இது வாலு, பார்த்துக்கோங்க" என்று சொல்லியிருந்தார். அவன் அம்மாவும் அதையே சொன்னார். "வீட்லயும் இப்படித்தான் டீச்சர். டிவி முன்னாடி மட்டும் அசைய மாட்டான்."

டிவி முன்னால் அசையாமல் இருப்பவன் வகுப்பிலும் மனது வைத்தால் இருக்கலாமே என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் டிவியில் சில நொடிக்கு ஒருமுறை படம் மாறுகிறது. கவனத்தை அதுவே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. பத்துக் கணக்கு எழுதும்போது பிடித்து நிறுத்துவது பிள்ளையின் வேலை. இரண்டும் வேறு வேறு.

வட்டார வளமையத்திலிருந்து வந்த சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் அவனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "எந்த நேரத்துல, என்ன வேலை நடக்கும்போது எழுந்திருக்கிறான்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "எப்பவுமேதான்" என்றேன். "எழுதிப் பாருங்க" என்றார்.

அவர் சொல்லித்தந்த முறை எளிது. ஒரு தாளில் இருபது கட்டங்கள், இரண்டு வரிசை. மேல் வரிசை அவனுக்கு. கீழ் வரிசை, வகுப்பில் யாரும் குறை சொல்லாத ஒரு சாதாரணப் பிள்ளைக்கு. நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்க்க வேண்டும். அந்த நொடியில் பிள்ளை வேலையில் இருந்தால் டிக், இல்லையென்றால் என்ன செய்கிறது என்று ஒரே சொல். கீழ் வரிசையை விட்டுவிடக் கூடாது என்றார். ஏன் என்று முதல் நாளே புரிந்தது. அவனுக்கு இருபதில் ஒன்பது டிக். அந்தச் 'சமர்த்து'ப் பிள்ளைக்கும் பதினைந்துதான். இருபதுக்கு இருபது யாருக்கும் வராது. நான் மட்டும் அவனிடம் அதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் தாள்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, 'எப்பவுமே' என்று நான் சொன்னது பொய் என்று தெரிந்தது. கதை சொல்லும்போது அவன் இருந்த இடத்திலேயே இருந்தான். டிக் விழாத கட்டங்கள் மூன்று இடங்களில் குவிந்திருந்தன. ஒன்று, வாசலில் யாராவது போகும்போது. இரண்டு, கரும்பலகையில் உள்ள பத்துக் கணக்கையும் பார்த்து எழுதும்போது, நான்காம் கணக்குக்குப் பிறகு. மூன்று, ஒரு பாடம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள்.

இடம்

அவனை நான் முதல் வரிசையில், வாசல் ஓரமாக, என் கண்பார்வையில் உட்கார வைத்திருந்தேன். அந்த வாசல் வழியாகத்தான் சத்துணவுக் கூடத்துக்குப் போவார்கள். குப்பைக்கூடையும் தண்ணீர்க் குடமும் அங்கேதான். பென்சில் சீவ வருகிற ஒவ்வொரு பிள்ளையும் அவனைத் தாண்டித்தான் போனது. முன்வரிசைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பின்னால் சத்தம் கேட்டால் அங்கிருப்பவன் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் வரிசையில், வாசலுக்கு எதிர்ப்பக்கம், பெஞ்சின் ஓரத்துக்கு மாற்றினேன். ஓரம் என்றால் யாரையும் இடிக்காமல் எழுந்து நின்று எழுதலாம். நானும் போகிற போக்கில் விரலால் நோட்டைத் தொட்டுவிட்டுப் போகலாம், பெயரைக் கூப்பிட வேண்டாம். பெஞ்சில் அவன் கால் தரையைத் தொடவில்லை என்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. தொங்குகிற கால் ஆடத்தான் செய்யும். கீழே ஒரு பலகை போட்டோம்.

சுவரையும் பார்க்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே மழலையர் குழுவுக்குச் சில பாடங்களைப் படங்கள் நிறைந்த அறையிலும், சிலவற்றை வெறுஞ்சுவர் அறையிலும் நடத்தினார்கள். படங்கள் நிறைந்த அறையில் பிள்ளைகள் பாட நேரத்தில் ஏறத்தாழ 39 சதவீதம் கவனம் சிதறியிருந்தார்கள். வெறுஞ்சுவர் அறையில் 28 சதவீதம். கற்றதும் வெறுஞ்சுவர் அறையில்தான் அதிகம். சின்னக் குழுவில் செய்த ஆய்வுதான். அதற்காகச் சுவரைச் சுரண்ட வேண்டியதில்லை. கரும்பலகையைச் சுற்றி நான் தொங்கவிட்டிருந்த அட்டைகளைப் பின்சுவருக்கு மாற்றினேன். அவ்வளவுதான்.

அவனை மட்டும் இடம் மாற்றியிருந்தால், அந்த இடமே 'வாலு இடம்' ஆகியிருக்கும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வகுப்பு முழுவதும் இடம் மாறியது. அவன் மட்டும் எனக்குத் தெரிந்த மூன்று நல்ல இடங்களுக்குள் சுற்றிவந்தான். அது பிள்ளைகளுக்குத் தெரியாது.

துண்டு

"கணக்கு நோட்டை எடுத்து, தேதி போட்டு, போர்டுல இருக்கறதை எழுதி, மூணாவதை முதல்ல போடுங்க." ஒரே மூச்சில் நான்கு வேலைகளைச் சொல்லிவிட்டேன். கேட்டதை மனதில் ஏந்திக்கொண்டே இன்னொன்றைச் செய்கிற திறன் சின்னப் பிள்ளைகளுக்குக் குறைவு. சிலருக்கு மிகவும் குறைவு. நோட்டை எடுப்பதற்குள் மற்ற மூன்றும் நழுவிவிடும். பிறகு அவன் பக்கத்து நோட்டை எட்டிப் பார்ப்பான். நாம் அதைக் குறும்பு என்போம்.

ஒரு சமயத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லத் தொடங்கினேன். பத்துக் கணக்கை மூன்று, மூன்று, நான்கு என்று பிரித்தேன். தாளை மூன்றாக மடித்தால் ஒரு மடிப்பில் மூன்று கணக்குத்தான் தெரியும். மூன்றை முடித்தால் ஒரு டிக், அடுத்த மடிப்பு. துண்டின் அளவை ஊகித்து வைக்கக் கூடாது. இருபது கட்டத் தாள்தான் அதைச் சொல்லும். அவன் ஆறு நிமிடம் வரை ஒழுங்காக எழுதினான், பிறகுதான் எழுந்தான். ஆகவே ஐந்து நிமிடத்துக்கான துண்டு. எழுவதற்கு முன்பே முடித்துவிடுகிறான் என்பதால், டிக் வாங்க எழுவதே அவனுக்கு அனுமதிக்கப்பட்ட நடையாகிவிட்டது.

முதல் வாரம் இது சொதப்பியது. முப்பத்திரண்டு பிள்ளைகளும் என் மேசை முன் வரிசை கட்டினார்கள். அந்த வரிசையில்தான் அடிதடி. பிறகு நான் பெஞ்சுகளுக்கு இடையே நடந்தேன். பெஞ்சுக்கு ஒரு தலைவர் டிக் போட்டார், முறை வைத்து, அவனும் ஒரு வாரம். இன்னொரு தவறும் செய்தேன். துண்டைச் சிறிதாக்குவதாக நினைத்து அவனுக்கு எளிய கணக்குகளாகக் கொடுத்தேன். அவனுக்குச் சலித்துப்போய் மறுபடி எழுந்தான். அளவைத்தான் குறைக்க வேண்டும், கணக்கின் கடினத்தை அல்ல. எல்லோருக்கும் அதே பத்து, எல்லோருக்கும் அதே மடிப்பு.

தமிழக அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இது அந்நியமல்ல. 2007-08 வாக்கில் தொடக்கப் பள்ளிகளில் பரவிய செயல்வழிக் கற்றலில் பாடம் ஏணிப்படியாகப் பிரிக்கப்பட்டு அட்டைகளில் இருந்தது. ஒன்றை முடித்த பிள்ளை தானே எழுந்து போய் அடுத்த அட்டையை எடுத்துவரும். அங்கே எழுந்து நடப்பதும் பாடத்தின் ஒரு பகுதிதான்.

வழக்கம்

மூன்றாவது ஓட்டை, பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவே. தமிழ் முடிந்து கணக்கு தொடங்க எனக்கு ஏழு நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. அடுத்து என்ன என்று தெரியாத அந்த ஏழு நிமிடம்தான் அவனுக்கு விளையாட்டு நேரம்.

பலகையின் இடது மூலையில் மூன்று வரி தினமும் ஒரே மாதிரி எழுதினேன்: என்ன எடுக்க வேண்டும், முதலில் என்ன செய்ய வேண்டும், முடித்தவர் என்ன செய்யலாம். மேசையில் இரண்டு தட்டு தட்டினால் நோட்டு மாற்ற வேண்டும். மாற்றியவுடன் பலகையில் உள்ள ஒரு சின்னக் கணக்கைப் போட வேண்டும். இதை அறிவித்துவிட்டு விட்டுவிடவில்லை. முதல் வாரம் முழுக்கப் பாடம்போல நடத்திப் பழக்கினேன். தட்டு, எடு, வை, மறுபடியும். மூன்றாம் வாரம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. காலாண்டு விடுமுறைக்குப் பிறகு எல்லாம் மறந்து வந்தார்கள். முதலிலிருந்து பழக்க வேண்டியிருந்தது. நான் விடுப்பு எடுத்த நாளில் வேறு ஆசிரியர் வந்தால் குலைந்தது. வழக்கம் குலைகிற நாளில் முதலில் தடுமாறுகிறவன் அவன்தான்.

ஆறு வாரம் கழித்து மறுபடியும் இருபது கட்டம் போட்டேன். அவனுக்குப் பதினான்கு, மற்றப் பிள்ளைக்குப் பதினாறு. மதியம் 2 மணிக்கு மேல் அவன் இன்னும் எழுந்துகொண்டுதான் இருந்தான். ஆனால் அவன் பெயரை நான் கூப்பிடுவது பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

பெயர் சூட்டுவதற்கு முன்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், பள்ளியில் சேர்க்கும் வயதுக் கணக்கு டிசம்பர் 31இல் முடிகிறது. அங்கே 2012இல் வெளியான ஓர் ஆய்வு, டிசம்பரில் பிறந்தவர்களை அதே வகுப்பில் ஜனவரியில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டது. டிசம்பர் பையன்கள் கவனக்குறைவுக் கோளாறு என்று முத்திரை பெறுவது 30 சதவீதம் அதிகம். பெண் பிள்ளைகளில் 70 சதவீதம் அதிகம். வகுப்பில் வயது குறைந்தவர்கள் என்பதற்காகவே சில பிள்ளைகள் நோயாளிகளாகியிருக்கிறார்கள். நம் வகுப்பின் 'வாலு' பிறந்த தேதியைப் பதிவேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஆனால் கோளாறே கிடையாது என்று சொல்லிவிடவும் முடியாது. மருத்துவ வரையறைப்படி, 12 வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது பிள்ளையின் அன்றாடத்தைக் கெடுக்க வேண்டும். முதலில் கண்ணும் காதும் சோதிக்கப்பட வேண்டும். பலகை தெரியாத பிள்ளையும் எழுந்துதான் பார்க்கும். தூக்கம், காலைச் சாப்பாடு இரண்டையும் விசாரிக்க வேண்டும். இடம், துண்டு, வழக்கம் மூன்றும் செய்தும் கட்டங்கள் மாறவில்லையென்றால் பெற்றோரிடம் சொல்லிக் குழந்தை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஜன்னலைப் பார்த்தபடி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் ஒரு தாள் போட்டுப் பாருங்கள். தொல்லை தராததாலேயே அந்தப் பிள்ளை, பெரும்பாலும் பெண் பிள்ளை, நம் கண்ணில் படுவதில்லை.

ஆண்டு இறுதியில் அவனை ஐந்தாம் வகுப்பு ஆசிரியரிடம் ஒப்படைத்தபோது, 'வாலு' என்ற சொல்லை நான் சொல்லவில்லை. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: "இரண்டாம் வரிசை ஓரம். ஒரு தடவைக்கு மூன்று கணக்கு. மதியம் 2 மணிக்கு மேல் நடக்கிற மாதிரி வேலை கொடுக்கவும்." அடுத்த ஜூனில் ஒரு பிள்ளையை ஒப்படைக்கும் ஆசிரியர்கள், பட்டப்பெயருக்குப் பதில் இப்படி மூன்று வரி எழுதிக் கொடுங்கள்.