ஓவனில் முழு மீன்: எவ்வளவு நேரம், எப்படித் தெரியும்?

ஓவனில் முழு மீனைச் சுடும்போது நேரத்தை முடிவு செய்வது அதன் பருமன். எடை அந்தப் பருமனை ஊகிக்க உதவும் குறிப்புதான். எடை இரண்டு மடங்கானால் நேரமும் இரண்டு மடங்காகாது. ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான் ஆகும். 200 டிகிரி செல்சியஸில் மூடாமல் வைத்த அரைக் கிலோ மீன் 18 முதல் 20 நிமிடத்தில் வேகும். ஒரு கிலோ மீனுக்கு அரை மணி நேரமும், இரண்டு கிலோ மீனுக்கு முக்கால் மணி நேரமும் தேவைப்படும். குடல், செவுள் நீக்கிய பின் உள்ள எடையே கணக்கு. வாவல் போன்ற தட்டையான மீன் இதைவிடச் சீக்கிரம் வெந்துவிடும்.

ஒரு கிலோ கொடுவாவை எடுத்துக்கொள்ளலாம். செதில் நீக்கிக் கழுவிய மீனைத் துணியால் நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். தோலில் ஈரம் இருந்தால் அது ஆவியாகி முடியும்வரை தோல் சிவக்காது. இரு பக்கமும் மூன்று நான்கு கீறல் போட்டு, உப்பும் மசாலாவும் எண்ணெயும் தடவி, முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் வைத்தால், முள்ளருகே வேகும் முன் வெளிச்சதை காய்ந்துபோகும். கால் மணி நேரம் வெளியே வைத்திருந்தால் போதும்.

சுற்றிச் சுடும்போது மீன் தன் ஆவியிலேயே வேகிறது. சதை ஈரமாக இருக்கும், தோல் மொறுமொறுப்பாகாது. சுற்றிய பொதி சூடேறவே சற்று நேரம் பிடிப்பதால் ஐந்து முதல் பத்து நிமிடம் கூடுதலாக வேண்டும். புளியோ எலுமிச்சையோ சேர்த்திருந்தால் அலுமினியத் தாள் நேரடியாக மீனைத் தொடாதபடி உள்ளே வாழையிலை விரிப்பது நல்லது, ஏனெனில் புளிப்பு அந்தத் தாளை அரிக்கும். நிறமும் வேண்டுமென்றால் கடைசி ஐந்து நிமிடம் பொதியைத் திறந்து வைக்கலாம். திறக்கும்போது சூடான ஆவி கையில் அடிக்கும், கவனம் தேவை.

ஓவனுக்கு ஓவன் சூடு மாறுவதால், சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே பார்ப்பது பாதுகாப்பு. தலைக்குப் பின்னால், முதுகின் தடித்த இடத்தில் கத்தி முனையை நடுமுள்வரை இறக்கி, சதையை லேசாக விலக்க வேண்டும். வேகாத சதை கண்ணாடிபோல் ஒளி ஊடுருவி, முள்ளைப் பிடித்துக்கொண்டிருக்கும். வெந்த சதை வெள்ளையாகி, இதழ் இதழாக முள்ளைவிட்டுப் பிரியும். முதுகுத் துடுப்பைப் பிடித்து இழுத்தால் எளிதாகக் கழன்று வரும். கண் வெளுப்பதை மட்டும் நம்பக் கூடாது. சதைக்கு முன்பே கண் வெளுத்துவிடும். வெப்பமானி இருந்தால் தடித்த இடத்தில் 63 டிகிரி காட்ட வேண்டும். கீறல்களில் வெள்ளைத் திட்டுகள் நிறையக் கசிந்து, சதை நார்நாராக உதிர்ந்தால் நேரம் மீறிவிட்டது.

முள்ளருகே இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தால் ஐந்து நிமிடம் மறுபடி உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும். வெந்ததும் வெளியே எடுத்து ஐந்து நிமிடம் அப்படியே விட்டால், சாறு சதையிலேயே தங்கும். முள்ளை எடுப்பதும் சுலபமாகும்.