சேலைக்கு ஒரு நியாயம், அலமாரிக்கு ஒரு நியாயமா?

ஒரு ஜவுளிக்கடையின் மார்ச் 31 கணக்கைப் பார்ப்போம். 800 ரூபாய்க்கு வாங்கிய 100 சேலைகள் தேங்கிவிட்டன. இன்று தள்ளிவிட்டாலும், விற்கும் செலவு போக ஒன்றுக்கு 600 ரூபாய்தான் தேறும். கணக்காளர் சரக்கை 60,000 ரூபாய் என்றே எழுதுகிறார். 20,000 ரூபாய் நஷ்டம் இந்த வருடமே பதிவாகிறது. பக்கத்து அடுக்கில் 500 ரூபாய்க்கு வாங்கிய வேறு 100 சேலைகள் 750க்குப் போகும். அவற்றை மட்டும் வாங்கிய விலையிலேயே, 50,000 ரூபாய் என்று விட்டுவிடுகிறார்.

வரப்போகும் நஷ்டத்தை இன்றே எழுது, வராத லாபத்தை எழுதாதே என்பதுதான் முன்னெச்சரிக்கைக் கருத்து. ‘அதில் வரும் லாபத்தில் இந்த நஷ்டம் சரியாகிவிடுமே’ என்று முதலாளி கேட்பார். பொதுவாக அப்படிக் கழித்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு வகைச் சரக்கையும் தனித்தனியாகவே பார்க்க வேண்டும்.

அதே கடையில், வருடத் தொடக்கத்தில் 3 லட்ச ரூபாய்க்குச் செய்த கண்ணாடி அலமாரிகள் இருக்கின்றன. கழற்றி விற்றால் 60,000 ரூபாய்கூடத் தேறாது. ஆனால் கணக்கில் அவற்றின் மதிப்பு 2,70,000! சேலைக்குக் காட்டிய எச்சரிக்கை இங்கே எங்கே போனது?

சேலை விற்பதற்கு வந்தது. அலமாரி உழைப்பதற்கு வந்தது. கடை தொடர்ந்து நடக்கும் என்று வைத்துக்கொண்டால், அலமாரியை இன்று யார் என்ன விலைக்குக் கேட்பார்கள் என்பது தேவையில்லாத கேள்வி. இதுதான் நிறுவனத் தொடர்ச்சிக் கருத்து. அலமாரி பத்து வருடம் உழைக்கும் என்பதால் வருடத்துக்கு 30,000 ரூபாய் தேய்மானமாகக் கழிகிறது. அதை வைத்துச் சம்பாதிக்கும் ஒவ்வொரு வருடமும் அதன் செலவில் ஒரு பங்கைச் சுமக்கிறது. வருமானம் எந்த வருடத்தில் வருகிறதோ, அதற்கான செலவும் அங்கேயே போய்ச் சேர வேண்டும் என்பது பொருத்துகைக் கருத்து. அக்டோபர் முதல் தேதி கட்டிய 24,000 ரூபாய் இன்சூரன்ஸ் பிரீமியத்தில் பாதியை மட்டும் இந்த வருடச் செலவாக எழுதி, மீதியை முன்கூட்டிச் செலுத்திய செலவாக ஒதுக்குவதும் அதே கணக்குதான்.

இவை எல்லாம் கடை நடக்கும் வரைதான். அடுத்த மாதமே கடையை மூடப்போகிறார்கள் என்றால் அலமாரிக்குப் பத்து வருடம் என்ற பேச்சே இல்லை. கழற்றி விற்றால் என்ன கிடைக்குமோ அதுதான் மதிப்பு.

நிறுவனம் தொடரும் என்ற அனுமானத்தில் கணக்கு எழுதினால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை; அனுமானத்தைக் கைவிட்டால் கட்டாயம் சொல்ல வேண்டும் என்கிறது இந்தியாவின் முதல் கணக்கியல் தரம். ஆகவே ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கை கைக்கு வந்தால், லாபத்தைப் பார்க்கும் முன் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், சொத்து மதிப்புகளை வேறு கண்ணோடு படிக்க வேண்டும்.