அட்வான்ஸ் யாருக்குச் சேரும்?

1949-ஆம் ஆண்டு மார்ச் மாதம் டில்லி அலிப்பூர் சாலையில் இருந்த ஒரு பங்களாவுக்கு விலை பேசி முடித்தார்கள். விலை 1,12,500 ரூபாய். ஒப்பந்தத்தில் கையெழுத்தானபோது வாங்குபவர் 1,000 ரூபாயை அச்சாரமாகக் கொடுத்தார். அதே மாதக் கடைசியில் இன்னும் 24,000 ரூபாய் கொடுத்து வீட்டையும் தன் வசம் எடுத்துக்கொண்டார். ஜூன் 1-ஆம் தேதிக்குள் கிரயத்தை முடிக்க வேண்டும் என்பது பேச்சு. முடியவில்லை. தவறு உன்னுடையது என்று இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். வாங்குபவர் தவறினால் கொடுத்த பணம் போய்விடும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்ததால், 25,000 ரூபாயும் தனக்கே என்று விற்றவர் நீதிமன்றம் போனார்.

விலையில் பத்தில் ஒரு பங்கான 11,250 ரூபாயை அவர் வைத்துக்கொள்ளலாம் என்றது உயர் நீதிமன்றம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1963-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. தவறியவர் வாங்குபவர்தான் என்பதில் மாற்றமில்லை. அச்சாரம் என்று பெயர் சொல்லிக் கொடுத்த 1,000 ரூபாயைப் பற்றி அவர் தரப்பிலும் தகராறு இல்லை. ஆனால் மீதி 24,000 ரூபாய் விலையின் ஒரு பகுதி. விற்பனை நடக்காததால் தனக்கு நஷ்டம் ஏற்பட்டது என்று விற்றவர் நிரூபிக்கவில்லை. எனவே அந்தப் பணத்தை அவர் வைத்துக்கொள்ள முடியாது. ஃபதே சந்த் எதிர் பால்கிஷன் தாஸ் என்ற அந்த வழக்கை இன்றைக்கும் சொத்து வழக்குகளில் வக்கீல்கள் எடுத்துக் காட்டுகிறார்கள்.

வீடு, மனை வாங்குகிறவர் கிரயத்துக்கு முன்பு கொடுக்கும் எல்லாப் பணத்தையும் நம் ஊரில் பொதுவாக அட்வான்ஸ் என்கிறோம். சட்டமோ அதை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று அச்சாரப் பணம். வாக்குத் தவற மாட்டேன் என்பதற்குப் பிணையாக, ஒப்பந்தம் போடும்போதே கைமாறுவது அது. கிரயம் நடந்தால் விலையில் கழிந்துவிடும். வாங்குபவரின் தவறால் நின்றுபோனால் விற்பவருக்குப் போய்விடும். இன்னொன்று விலையில் முன்கூட்டியே கட்டும் பகுதி. வாங்குபவரே தவறினாலும் இது திருப்பித் தர வேண்டிய பணம். விற்பவருக்கு உண்மையில் நஷ்டம் ஏற்பட்டிருந்தால் அதைக் காட்டி ஈடு கேட்கலாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி, தவறினால் இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும் அது உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான ஈடு எவ்வளவு என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும்.

அச்சாரம் என்றால் எவ்வளவு இருக்கலாம்? சட்டத்தில் அளவு குறிப்பிடவில்லை. 70 லட்சம் ரூபாய் விலை பேசிய ஒரு டில்லி சொத்துக்கு 7 லட்சம் அச்சாரம் கொடுத்தவர் மீதியைக் கட்டத் தவறினார். விற்பவர் 50,000 ரூபாயை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்ப வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. சதீஷ் பத்ரா வழக்கு என்று பெயர் பெற்ற அந்தத் தீர்ப்பின்படி, கொடுத்தது அச்சாரம் என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தால் 7 லட்சமும் போகும். வெறும் முன்பணம் என்றால் போகாது.

அட்வான்ஸ் என்று எழுதிவிட்டால் தப்பித்துவிடலாமா என்றால், அதுவும் இல்லை. பெங்களூருவில் 55.5 லட்சம் ரூபாய்க்கு விலை பேசிய சொத்துக்கு 2007-இல் 20 லட்சம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தார் ஒருவர். மீதியை நான்கு மாதத்தில் கட்ட வேண்டும். கட்டவில்லை. கே.ஆர். சுரேஷ் எதிர் ஆர். பூர்ணிமா என்ற அந்த வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் அட்வான்ஸ் என்று இருந்தாலும், ஒப்பந்தத்தின் வாசகங்களைச் சேர்த்துப் படித்தால் அது அச்சாரப் பணம்தான் என்று நீதிபதிகள் கண்டார்கள். விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான தொகை விற்றவரிடமே நின்றுவிட்டது.

இந்த மூன்று வழக்குகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், நீதிமன்றம் முதலில் தேடுவது ஒப்பந்தத்தின் பறிமுதல் வாசகத்தைத்தான். எந்தப் பணம், யார் தவறினால், எவ்வளவு போகும் என்பது அங்கேதான் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்களில் பலர் விலையையும் கெடு தேதியையும் பார்த்துவிட்டு அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மதுரையில் ஒரு வீட்டுக்கு 60 லட்சம் ரூபாய் விலை. கையெழுத்தாகும் நாளில் 5 லட்சம் அச்சாரம், இரண்டாவது மாதம் விலையின் ஒரு பகுதியாக 10 லட்சம், மூன்று மாதத்துக்குள் கிரயம். வாங்குபவர் வங்கிக் கடனை நம்பியிருந்தார், வங்கி கைவிரித்துவிட்டது. கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் இருந்தால், இது பொதுவாக வாங்குபவரின் தவறாகவே கொள்ளப்படும். அவருடைய 5 லட்சம் போகும், 10 லட்சம் திரும்ப வேண்டும். விற்பவர் அதே வீட்டை நியாயமான காலத்துக்குள் 56 லட்சத்துக்கு விற்றால் அவருடைய நஷ்டம் 4 லட்சம். கையிலிருக்கும் அச்சாரமே அதை ஈடுகட்டிவிடும். 48 லட்சத்துக்குத்தான் போயிற்று என்றால் நஷ்டம் 12 லட்சம். அச்சாரம் போக மிச்சம் 7 லட்சத்தை அவர் ஆதாரத்தோடு கேட்கலாம்.

அதே கணக்கில் குறை விற்பவர் பக்கம் இருந்தால் படம் தலைகீழாகிறது. வில்லங்கச் சான்றிதழ் எடுத்தபோது, பேச்சில் வராத அடமானம் ஒன்று இருப்பது தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது, கையெழுத்துப் போட வேண்டிய தங்கை சம்மதிக்கவில்லை. தன் பங்கைச் செய்ய முடியாத நிலையில் இருக்கும் விற்பவர், கெடு தாண்டிவிட்டது என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அச்சாரத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. 15 லட்சமும் திரும்ப வேண்டும். டில்லி வளர்ச்சி ஆணையம் பிகாஜி காமா பிளேஸ் பகுதியில் ஏலம் விட்ட மனை ஒன்றில் இதுவே நடந்தது. ஏலம் எடுத்த நிறுவனம் கட்டிய 78 லட்சம் ரூபாயை ஆணையம் பறிமுதல் செய்தது. ஏலம் எடுத்தவர் தரப்பில் தவறு இல்லை. அதே மனையைப் பின்னர் பல மடங்கு விலைக்கு ஆணையம் விற்றதால் அதற்கு நஷ்டமும் இல்லை. 2015-இல் உச்ச நீதிமன்றம் பணத்தை 9 சதவீத வட்டியோடு திருப்பச் சொன்னது.

விற்பவர் தவறினால் அச்சாரத்தைப் போல இரு மடங்கு தர வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் எழுதுகிறார்கள். அப்படி எழுதியதால் மட்டும் இரட்டிப்புத் தொகை அப்படியே கைக்கு வந்துவிடாது. கொடுத்த பணம் திரும்புவது உறுதி. மேற்கொண்டு கேட்பதற்கு 74-ஆம் பிரிவின் நியாயமான ஈடு என்ற அளவுகோல்தான். பணம் வேண்டாம், வீடுதான் வேண்டும் என்றால் வாங்குபவர் ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரும்படி வழக்குப் போடலாம். அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: தொடக்கம் முதல் கடைசி வரை தான் தயாராகவும் விருப்பத்தோடும் இருந்ததை அவர் காட்ட வேண்டும். கெடு முடிவதற்கு முன்பே மீதிப் பணம் வங்கிக் கணக்கில் இருந்ததற்கான அறிக்கை, கடன் அனுமதிக் கடிதம், கிரயத்துக்கு வரச் சொல்லி அனுப்பிய வக்கீல் நோட்டீஸ், சொன்ன தேதியில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனதற்கான அத்தாட்சி ஆகியவைதான் இங்கே பேசும். விற்பவர் பணத்தைப் பிடிக்க நினைத்தால் அவருக்கும் இதே பரீட்சை. அடமானத்தை அடைத்து, மூலப் பத்திரங்களைத் தயாராக வைத்து, கெடு கொடுத்து நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும்.

பணத்தை வாங்கியவர் அதற்குள் வீட்டை வேறொருவருக்கு விற்றுவிட்டால்? சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவு, வாங்குபவர் முறையாகக் கட்டிய முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மீதே ஒரு பொறுப்பை ஏற்றி வைக்கிறது. தகுந்த காரணத்தோடு வாங்க மறுத்திருந்தால் அச்சாரத்துக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. காரணமில்லாமல் பின்வாங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பதிவு செய்தால் வில்லங்கச் சான்றிதழில் அது தெரியும்; அடுத்து வாங்க வருகிறவர் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. பதிவாகாத ஒப்பந்தம் செல்லாக்காசு என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில், நிறைவேற்றம் கோரும் வழக்கில் அத்தகைய ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வழக்கு என்று முடிவானால் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒப்பந்தத்தில் தேதி குறித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் நிறைவேற்றம் கோரும் வழக்கைப் போட வேண்டும். தேதி இல்லை என்றால், மறுப்பு தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடம். அடுத்தது வழக்கு மனுவின் கோரிக்கைப் பகுதி. வீட்டை எழுதித் தர வேண்டும் என்று மட்டும் கேட்டு, அது கிடைக்காவிட்டால் பணத்தையாவது திருப்ப வேண்டும் என்று கேட்காமல் விட்டால், நீதிமன்றம் தானாக எடுத்துக் கொடுக்காது. 1963-ஆம் ஆண்டின் தனிநிவாரணச் சட்டம் 22-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. பெங்களூரு வழக்கில் தோற்றவர் இந்தக் கோரிக்கையையும் வைத்திருக்கவில்லை. மனுவில் விட்டுப்போனதை வழக்கின் எந்தக் கட்டத்திலும் திருத்திச் சேர்க்க அதே பிரிவு வழி செய்திருக்கிறது. அதை அவர் பயன்படுத்தவும் இல்லை.