குடுமிப்பிடியில் மாட்டிய ஐந்நூறு ரூபாய்

ரவி தன் தங்கை மீனாவுக்கு 500 ரூபாய் அனுப்புகிறான். அதே நொடியில் மீனா, வேறு ஏதோ கணக்குக்காக, ரவிக்கு 300 ரூபாய் அனுப்புகிறாள். ரவியின் கணக்கு எண் 101, மீனாவுடையது 205. தரவுத்தளத்துக்கு ரவியின் வேலை இப்படித்தான் போகும்:

```sql
BEGIN;
UPDATE accounts SET balance = balance - 500 WHERE id = 101;
UPDATE accounts SET balance = balance + 500 WHERE id = 205;
COMMIT;
```

முதல் வரி ஓடியதும் 101-ஆம் கணக்கின் மேல் ஒரு பூட்டு விழுகிறது. வேலை முழுதாக முடிந்து COMMIT வரும்வரை வேறு யாரும் அந்தக் கணக்கைத் திருத்த முடியாது. மீனாவின் வேலையோ 205-இல் தொடங்குகிறது. அதைப் பூட்டிவிட்டு 101-க்கு வருகிறது. அங்கே ரவியின் பூட்டு. ரவியின் வேலை 205-க்குப் போகிறது. அங்கே மீனாவின் பூட்டு. நீ விட்டால்தான் நான் விடுவேன் என்று இரண்டும் நிற்கின்றன. கணினி உலகில் இதற்கு டெட்லாக் என்று பெயர். நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960-களில் இதை ‘சாவுத் தழுவல்’ என்று பொருள்படும் பெயரில் அழைத்தார். என்னைக் கேட்டால் நம் குடுமிப்பிடிதான் இன்னும் பொருத்தம். தழுவலில் பிரியமாவது இருக்கும்.

இதைச் சாதாரண மந்தத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மந்தமான நிரலில் பிராசசர் படாத பாடு படும். டெட்லாக்கில் அது சும்மா இருக்கும். பிழைச் செய்தி கிடையாது, சூடு கிடையாது, வேலையும் நடக்காது. யாரும் தலையிடாவிட்டால் அடுத்த வருடம் வந்து பார்த்தாலும் அப்படியேதான் நிற்கும்.

1971-இல் காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி என்ற மூவர் எழுதிய ஒரு கட்டுரை, இந்த நிலைமைக்கு நான்கு நிபந்தனைகள் வேண்டும் என்று தெளிவாக எடுத்து வைத்தது. ஒரு பொருள் ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்க முடியும். ஒன்றைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருக்கலாம். பிடித்திருப்பதைப் பிறர் பிடுங்க முடியாது. காத்திருப்பு ஒரு வட்டமாக முடிகிறது. ரவி-மீனா விவகாரத்தில் நான்கும் இருக்கின்றன. நான்கில் ஏதாவது ஒன்று இல்லாமல் போனால் போதும், டெட்லாக் வர வழியே இல்லை. அப்படியானால் எதை உடைப்பது? நான்கும் ஒரே விலைக்குக் கிடைப்பதில்லை.

முதல் நிபந்தனையில் கைவைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். பூட்டுதானே பிரச்சினை, பூட்டையே எடுத்துவிடலாமே? ரவியின் கணக்கில் 2000 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு நிரல்கள் ஒரே சமயத்தில் படிக்கின்றன, இரண்டுக்கும் 2000 தெரிகிறது. ஆளுக்கு 500 கழித்து இரண்டும் 1500 என்று எழுதிவிட்டுப் போகின்றன. போனது ஆயிரம், குறைந்தது ஐந்நூறு. பூட்டு இருப்பதே இதைத் தடுக்கத்தான். ஆனால் சில இடங்களில், ஒரே பொருளுக்குப் போட்டி போடாதபடி வேலையையே மாற்றி அமைக்க முடியும். பிரிண்டருக்காக யாரும் இன்று வரிசையில் நிற்பதில்லை. அவரவர் கோப்பு ஸ்பூலில் போய் உட்காருகிறது, பிரிண்டரை ஒரே ஒரு நிரல் மட்டும் தொடுகிறது.

இரண்டாவதை உடைப்பது என்றால், வேண்டிய எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டும்; கிடைக்காவிட்டால் கையில் ஒன்றும் இல்லாமல் காத்திருக்க வேண்டும். இதற்கு, என்னென்ன தேவைப்படும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பல நேரங்களில் முதல் கணக்கைத் திறந்து பார்த்த பிறகுதான் அடுத்தது எது என்றே தெரியும். பத்து நிமிடம் கழித்துத் தேவைப்படும் பொருளை இப்போதே பூட்டி வைப்பதில், மற்றவர்களுக்கு வீண் தாமதமும் உண்டு. இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது. இரண்டு கணக்குகளையும் ஒரே SELECT-இல் FOR UPDATE போட்டுக் கேட்டால் ஒரே மூச்சில் பூட்டப்படும் என்று பலர் நம்புகிறார்கள். உள்ளே தரவுத்தளம் ஒவ்வொரு வரியாகத்தான் பூட்டுகிறது. ஒன்றைப் பிடித்து மற்றதற்குக் காத்திருப்பது அங்கேயும் நடக்கும்.

மூன்றாவதை உடைப்பதுதான் தரவுத்தளங்களின் வழக்கம். பூட்டைப் பிடுங்கிவிடுவார்கள். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று மைசீக்குவல் பார்த்துக்கொண்டே இருக்கும். வட்டம் விழுந்துவிட்டது என்று தெரிந்ததும், குறைவான வரிகளைத் திருத்தியிருக்கும் பரிவர்த்தனையைப் பலியாக எடுத்து, அது செய்த எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பும். பலியானவருக்கு வரும் செய்தி இது:

```
ERROR 1213 (40001): Deadlock found when trying to get lock; try restarting transaction
```

போஸ்ட்கிரஸ் கொஞ்சம் நிதானம். ஒரு பூட்டுக்காக ஒரு நொடி காத்திருந்த பிறகுதான் வட்டம் இருக்கிறதா என்று தேடவே ஆரம்பிக்கும். அந்த ஒரு நொடி, நாம் மாற்றாதவரை இருக்கும் அளவு.

பிடுங்குவது இங்கே சாத்தியமாவதற்குக் காரணம், பழைய மதிப்பு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான். ஏடிஎம் வெளியே தள்ளிய நோட்டை அப்படித் திருப்ப முடியாது. செய்தியின் கடைசியில் ‘மறுபடி தொடங்கு’ என்று இருக்கிறதே, அந்த வேலை நிரல் எழுதுபவருடையது. தரவுத்தளம் தானாகச் செய்யாது. மறுபடி தொடங்கும்போதும் கவனம் வேண்டும். பரிவர்த்தனைக்கு நடுவில் வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் வரியை எழுதியிருந்தால், பணம் ஒரு முறைதான் போகும், எஸ்எம்எஸ் இரண்டு முறை போகும். ஆகவே எஸ்எம்எஸ் எல்லாம் COMMIT-க்குப் பிறகுதான். இரண்டு பேரும் விட்டுக்கொடுத்து, அதே நொடியில் மறுபடி மோதி, மறுபடி விட்டுக்கொடுக்கும் கூத்தும் உண்டு. ஆளுக்கு ஒரு தற்செயலான சிறு இடைவெளி விட்டால் அது தீரும்.

எனக்குப் பிடித்தது நான்காவது. எல்லாப் பூட்டுகளுக்கும் ஓர் எண் வரிசை வைத்து, எவரானாலும் சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்குத்தான் பூட்ட வேண்டும் என்று விதித்துவிட்டால் வட்டமே விழாது. மீனா 205-இலிருந்து 101-க்கு அனுப்புகிறாள் அல்லவா? பணம் எந்தப் பக்கம் போனாலும் அவளும் முதலில் 101-ஐத்தான் பூட்ட வேண்டும். ரவி முந்திக்கொண்டால், அவள் 101-இன் வாசலில் வெறுங்கையோடு நிற்பாள். 205-ஐ அவள் தொட்டிருக்கவே மாட்டாள், ரவி தடையின்றி முடித்துவிட்டுப் போவான். எத்தனை பேர் வந்தாலும் கணக்கு இதேதான். ஒவ்வொருவரும் தன் கையில் இருப்பதைவிடப் பெரிய எண்ணுக்காகத்தான் காத்திருப்பார். வட்டம் என்றால் எண்கள் ஏறிக்கொண்டே போய், ஏறத் தொடங்கிய எண்ணுக்கே வந்து சேர வேண்டும். அது நடக்காத காரியம். எழுத வேண்டியது இவ்வளவுதான்:

```sql
SELECT id, balance FROM accounts
WHERE id IN (101, 205) ORDER BY id FOR UPDATE;
```

நான் வேலை பார்த்த ஒரு நிதி நிறுவனத்தின் மென்பொருளில் இந்த ஒழுங்கு முதல் நாளிலிருந்தே இருந்தது. அப்படியும் ஒரு நாள் இரவு 1213 வரிசையாக வந்து விழுந்தது. எங்கே சிக்கியது என்று பார்க்க மைசீக்குவலில் ஒரு கட்டளை உண்டு:

```
SHOW ENGINE INNODB STATUS
```

அது நீளமாக அள்ளிக் கொட்டும். அதில் LATEST DETECTED DEADLOCK என்ற தலைப்புக்குக் கீழே, இரண்டு பரிவர்த்தனைகளும் எந்த வரிக்காகக் காத்திருந்தன, எது பலியானது என்பதெல்லாம் இருக்கும். கடைசியாக நடந்த ஒன்றை மட்டும்தான் காட்டும். எல்லாம் வேண்டுமென்றால் innodb_print_all_deadlocks என்ற அமைப்பை ஆன் செய்து, பிழைப் பதிவில் தேட வேண்டும்.

அங்கே இரண்டு பக்கமும் 7 என்ற எண் நின்றது. அது நிறுவனத்தின் சொந்தக் கணக்கு, கட்டணம் வந்து சேருமிடம். சில வாரங்களுக்கு முன்புதான் ஒவ்வொரு பணமாற்றத்துக்கும் சிறு கட்டணம் என்று முடிவாகி, அந்த வரியை நான்தான் எழுதினேன். வேறொருவர் எழுதிய நிரலின் கடைசியில் செருகினேன். 101, 205 இரண்டையும் ஒழுங்காகப் பூட்டிவிட்டு, கடைசியில் 7-க்குப் போகிறது என் வரி. ராத்திரி ஓடும் இன்னொரு வேலை, தவறாகப் பிடித்த கட்டணத்தைத் திருப்பித் தருவது. அது முறைப்படி 7-ஐப் பூட்டிவிட்டு 101-க்கு வருகிறது. வட்டம் முழுமையாகிவிட்டது.

7-ஐ முன்னால் கொண்டுவந்தேன். டெட்லாக் நின்றது. மறுநாள் காலை எல்லாமே ஊர்ந்தது. ஊரிலுள்ள எல்லாப் பணமாற்றமும் இப்போது முதலில் 7-ஐப் பூட்டுகிறது. வேலை முழுவதும் முடியும்வரை அதை விடுவதில்லை. எல்லோருக்கும் ஒரே வாசல். அப்போதுதான் உறைத்தது, அந்த வரிசை எண்களின் வரிசையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட ஏதோ ஒரு வரிசை என்றால் போதும். கூட்டம் மொய்க்கும் பூட்டைக் கடைசியில் வைத்தால் அதைக் கையில் வைத்திருக்கும் நேரம் குறையும். அதனால் வாடிக்கையாளர் கணக்குகள் முதலில், 7 கடைசியில் என்று மாற்றி, ராத்திரி வேலையையும் அதே வரிசைக்குத் திருத்தினோம்.

பிறகு ஒரு மூத்தவர் வந்து பார்த்துவிட்டு, “7-ஓட இருப்பு அந்த நிமிஷமே யாருக்குப்பா வேணும்?” என்று கேட்டார். யாருக்கும் வேண்டாம். கட்டணத்தைத் தனி அட்டவணையில் ஒரு புது வரியாக எழுதி வைத்து, இரவில் ஒரு முறை கூட்டிப் போட்டால் முடிந்தது. ஆளுக்கொரு புது வரி என்பதால் அங்கே போட்டியே இல்லை. முடியாது என்று நான் தள்ளி வைத்திருந்த முதல் நிபந்தனை, அந்த ஒரு கணக்குக்கு மட்டும் உடைந்தது.

1213 வந்தால் மறுபடி முயலும் சில வரிகளை மட்டும் நான் அழிக்கவில்லை. இன்னொருவர் புது வரி செருகிவிடாமலிருக்க, மைசீக்குவல் சில சமயம் இரண்டு வரிகளுக்கு நடுவிலிருக்கும் இடைவெளியையும் பூட்டும். அந்தப் பூட்டுகள் நம் நிரலில் எங்கும் எழுதப்பட்டிருக்காது, நாம் வைத்த வரிசைக்கும் அடங்காது. எப்போதாவது பதிவில் ஒரு 1213 தலைகாட்டும். அடுத்த வரியில் அதே பணமாற்றம் முடிந்திருக்கும்.