பற்றியது யார்? பாஸ்புக்கையும் கடன் நோட்டீசையும் படிக்கும் முறை

தோவாளைப் பக்கத்தில் நெல் விவசாயம் செய்யும் ஒரு வீட்டில் இரண்டு பாஸ்புக்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று சேமிப்புக் கணக்கு. இன்னொன்று உழவர் கடன் அட்டைக் கணக்கு. இரண்டிலும் கடைசி வரியில், ‘இருப்பு’ என்ற கட்டத்தின் கீழ் 60,000 என்று அச்சாகியிருக்கிறது. முதல் புத்தகத்தில் அது வீட்டுக்காரரின் பணம். இரண்டாவதில் அது அவர் வங்கிக்குக் கொடுக்க வேண்டிய பணம். சொல்லும் ஒன்று, எண்ணும் ஒன்று, பொருள் மட்டும் நேர் எதிர்.

வித்தியாசம் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக நிற்கிறது. டி, ஆர் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் ‘பற்று இருப்பு’, அதாவது கடன். சி, ஆர் என்று இருந்தால் ‘வரவு இருப்பு’, அதாவது உங்கள் பணம். சில வங்கிகள் எழுத்துக்குப் பதிலாக எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் கோடு போடுவதும் உண்டு. மை மங்கிய பிரிண்டரில் அடித்துத் தந்தால் அந்தக் கோடு கண்ணில் படாமலே போகும்.

பற்று, வரவு என்ற இரண்டு சொற்களைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக விளங்கும். குழப்பம் வருவதற்குக் காரணம், நாம் வீட்டில் எழுதுவது வரவு செலவுக் கணக்கு. வங்கி எழுதுவது பற்று வரவுக் கணக்கு. வீட்டு நோட்டில் ‘வரவு’ என்றால் நம் கைக்கு வந்தது. அதனால் கடன் பணம் கைக்கு வந்த அன்று பாஸ்புக்கில் அது வரவாக இருக்கும் என்று தேடுகிறோம். அது பற்றுப் பக்கத்தில் இருக்கிறது. வங்கி தப்பாகப் பதிந்துவிட்டது என்று சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு.

பலசரக்குக் கடையை நினைத்துப் பாருங்கள். ‘கடையில் பற்று வைத்திருக்கிறேன்’ என்றால் என்ன? சாமானை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், கடைக்காரர் உங்கள் பெயரில் எழுதிக்கொண்டார். வங்கியின் பற்றும் அதேதான். நீங்கள் பற்றியது, எடுத்துக்கொண்டது பற்று. உங்களிடமிருந்தோ உங்களுக்காக வேறொருவரிடமிருந்தோ வங்கிக்கு வந்தது வரவு. பாஸ்புக் என்பது நம் கணக்கு நோட்டு அல்ல. வங்கிப் பேரேட்டில் நம் பெயருக்கு உள்ள பக்கத்தின் நகல். வங்கி உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்துதான் அதைப் படிக்க வேண்டும்.

இந்தக் கண்ணோடு ஒரு பயிர்க்கடன் கணக்கைப் பார்ப்போம். கடன் வரம்பு 1,00,000 ரூபாய். கும்பப்பூ சாகுபடிக்காக அக்டோபர் 1 அன்று 60,000 எடுக்கிறார். பாஸ்புக்கில் ‘பற்று 60,000’, இருப்பு 60,000 டி.ஆர். என்று விழுகிறது. வரம்பில் மிச்சம் 40,000 இருக்கிறது. ஆனால் அது இருப்பு அல்ல. இன்னும் எடுக்க அனுமதி உள்ள தொகை, அவ்வளவுதான். ‘வரம்பு’, ‘எடுக்கத்தக்க தொகை’, ‘இருப்பு’ என்று மூன்று எண்கள் ஒரே தாளில் இருந்தால் மூன்றும் வேறு வேறு என்று கொள்ளுங்கள்.

மார்ச் 31 வரை 182 நாள். ஆண்டுக்கு 7 சதவீதம் என்றால் வட்டி 2,094 ரூபாய். அந்த வட்டியும் பற்றுப் பக்கத்தில்தான் விழும். ‘நான் எங்கே எடுத்தேன்?’ என்று கேட்கத் தோன்றும். கையில் எடுக்கவில்லை, உங்கள் பெயரில் எழுதப்பட்டது. இப்போது இருப்பு 62,094 டி.ஆர். பயிர்க் காப்பீட்டு பிரீமியம் பிடித்திருந்தால் அதற்கும் ஒரு பற்று வரி இருக்கும். கடன் வாங்கியவருக்குப் பயிர்க் காப்பீடு 2020 முதல் கட்டாயம் இல்லை. ஆனால் வேண்டாம் என்றால் கடைசி நாளுக்கு ஏழு நாள் முன்பே வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் பிடித்துவிடுவார்கள். புரியாத பற்று வரி ஒன்று இருந்தால் முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

அறுவடை முடிந்து ஏப்ரல் 1 அன்று 62,094 கட்டுகிறார். அது வரவு. இருப்பு பூஜ்யம். சில நாளோ சில மாதமோ கழித்து 898 ரூபாய் வரவு ஒன்று தனியாக வரும். உரிய காலத்தில் கட்டியவருக்கு மத்திய அரசு திருப்பித் தரும் 3 சதவீத ஊக்கத்தொகை அது. ஆக, அவர் உண்மையில் கொடுத்த வட்டி 4 சதவீதம். இதில் கவனிக்க வேண்டிய சொல் ‘தவணைத் தேதி’. நம் ஊரில் ‘கெடு’ என்போம். கெடு தாண்டினால் அந்த 3 சதவீதம் கிடைக்காது. அதற்கு மேல் ஓடும் நாட்களுக்கு 7 சதவீதமும் இல்லை, வங்கியின் வழக்கமான கூடுதல் வட்டி. கூட்டுறவுச் சங்கத்தில் ‘வட்டியில்லாப் பயிர்க்கடன்’ என்று சொல்வதும் இப்படித்தான். உரிய காலத்தில் கட்டினால் மட்டும் வட்டி இல்லை. படிவத்தின் தலைப்பில் ‘வட்டியில்லா’ என்று இருந்தாலும் உள்ளே ஒரு வட்டி விகிதம் எழுதியிருக்கும். கெடு தாண்டியவருக்கு அந்த விகிதம் உயிர் பெறும்.

நோட்டீசில் வரும் எண்

அடுத்து, நகைக்கடன் நோட்டீஸ். ‘5-ஆம் தேதி வரை செலுத்த வேண்டிய நிலுவை ரூ.84,600 மற்றும் அதன்மேல் ஏற்படும் வட்டி, செலவுகள்’ என்று இருக்கும். வாசிப்பவர் கண் எண்ணில் நின்றுவிடும். அதற்குப் பின்னால் வரும் ‘அதன்மேல் ஏற்படும்’ என்பதுதான் முக்கியம். அசல் 80,000, வட்டி 9 சதவீதம் என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 ரூபாய் ஏறிக்கொண்டே போகும். வாழைக்குலை விற்ற பணம் வந்து, 25-ஆம் தேதி சரியாக 84,600 எடுத்துக்கொண்டு போனால் ஏறக்குறைய 400 ரூபாய் குறையும். நோட்டீஸ் செலவு தனி. அந்தச் சில நூறு பாக்கி நிற்கும்வரை நகை கைக்கு வராது. கிளம்பும் முன் ‘இன்றைய தேதிக்குக் கணக்கை முடிக்க எவ்வளவு?’ என்று கேட்டுக்கொள்வதுதான் வழி.

‘நிலுவை’ என்ற சொல்லிலேயே இரண்டு இருக்கிறது. வெறும் நிலுவை என்றால் அன்றைக்குக் கணக்கில் நிற்கும் மொத்தக் கடன். ‘தவணை தவறிய நிலுவை’ அல்லது ‘கெடு கடந்த நிலுவை’ என்றால் ஏற்கெனவே கட்டியிருக்க வேண்டிய பகுதி மட்டும். டிராக்டர் கடன் வைத்திருப்பவருக்கு மொத்த நிலுவை 4 லட்சமும், தவறிய நிலுவை 38,000-மும் இருக்கலாம். நோட்டீசைக் கண்டு 4 லட்சத்துக்கு எங்கே போவேன் என்று பயந்து வங்கிப் பக்கமே போகாமல் இருப்பதைவிட, 38,000 எந்தச் சொல்லுக்கு நேரே இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. ஆனால் ‘முழுக் கடனும் திரும்பக் கோரப்படுகிறது’ என்று எழுதியிருந்தால் நிலைமை வேறு. அப்போது தவறிய பகுதியை மட்டும் கட்டினால் போதுமா என்பதை மேலாளரிடம் எழுத்தில் வாங்க வேண்டும்.

‘அசல்’ இன்னொரு வம்பு பிடித்த சொல். ‘அசல் மற்றும் வட்டி’ என்னும்போது அது முதல் தொகை. ‘அசல் சீட்டுடன் வரவும்’ என்னும்போது நகல் அல்லாத சீட்டு. ‘முதல்’ என்பதும் அப்படியே. ‘முதலும் வட்டியும்’ வேறு, ‘ஏப்ரல் 1 முதல்’ வேறு.

நகைக்கடனைப் புதுப்பிக்கும்போது இன்னொரு மயக்கம். வட்டியை மட்டும் கட்டி, பழைய கடனை முடித்து, அதே நகைமேல் புதுக் கடன் எழுதுவார்கள். பழைய கணக்கில் முழுத் தொகைக்கும் வரவு விழும், ‘கணக்கு முடிக்கப்பட்டது’ என்று வரும். போனுக்கும் அப்படிச் செய்தி வரலாம். வீட்டில் இருப்பவர்கள் கடன் தீர்ந்தது என்று நினைத்துவிடுவார்கள். அதே தேதியில் வேறு கணக்கு எண்ணில் ஒரு பற்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடன் தீரவில்லை; எண் மட்டும் மாறியிருக்கிறது, கெடுவும் புதிது. பழைய சீட்டை வைத்துக்கொண்டு பழைய கெடுவையே நம்பியிருந்தால் ஏல நோட்டீஸ் வரும்போது ஒன்றும் புரியாது. நகை உண்மையிலேயே திரும்பியதற்கு அடையாளம், கையில் நகை. கணக்கில் வரும் செய்தி அல்ல.

ஒற்றியும் அடமானமும்

நிலத்தின்மேல் வாங்கும் கடனில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவர்கள். வீட்டுப் பெட்டியில் பாட்டன் காலத்து ஒற்றி ஆதாரம் ஒன்றாவது இருக்கும். ஒற்றியில் பணம் தந்தவர் நிலத்தை எடுத்து அனுபவிப்பார். விளைச்சலே அவருக்கு வட்டி. வங்கிப் படிவத்தில் வரும் ‘அடமானம்’ அதுவல்ல. நிலம் உங்களிடமே இருக்கும், பயிரும் உங்களுடையது, வட்டி தனியாக ஓடும். ‘உரிமை ஆவணம் ஒப்படைத்துச் செய்யும் அடமானம்’ என்றால் ஆதாரத்தை வங்கியிடம் கொடுத்ததே நிலத்தை ஈடு வைத்ததாகும். பத்திரத்தைப் பாதுகாப்புக்கு வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். கடன் தீர்ந்ததும் பாக்கியில்லாச் சான்று, ஆதாரம் இரண்டையும் வாங்குங்கள். அடமானம் பதிவாகியிருந்தால் அது ரத்தானது வில்லங்கச் சான்றில் ஏறும்வரை வேலை முடியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரருக்காகப் போடும் கையெழுத்து

கடைசியாக, படிவத்தின் கடைசிப் பக்கம். ‘பிணையாளர்’ அல்லது ‘ஜாமீன்தாரர்’ என்ற இடத்தில் சொந்தக்காரரோ அயல்வாசியோ கையெழுத்துப் போடுவார். ‘சாட்சி’ என்ற இடம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும். சாட்சி என்றால் கையெழுத்து நடந்ததைப் பார்த்தவர், கடனுக்குப் பொறுப்பில்லை. பிணையாளர் அப்படியல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 128-ன்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் பிணையாளருக்கும் உண்டு.

அந்தப் பக்கத்தில் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்று ஒரு தொடர் வரும். இரண்டு பேர் பிணை நின்றால் ஆளுக்குப் பாதி என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தத் தொடருக்குப் பொருள், வங்கி முழுத் தொகையையும் மூவரில் யார் ஒருவரிடமும் கேட்கலாம் என்பது. வாங்கியவரிடம் முதலில் கேட்டு, முடியாமல் போனால்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாக வங்கிக்கு இல்லை. ‘தொடர் பிணை’ என்று இருந்தால் இந்த ஒரு கடனோடு நிற்காது. வரம்புக்குள் அவர் மறுபடி மறுபடி எடுப்பதற்கும் உங்கள் கையெழுத்து நிற்கும். அதை நிறுத்த நினைத்தால் வங்கிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிப்புக்குப் பிறகு எடுப்பதற்குத்தான் அது பலிக்கும். ஏற்கெனவே எடுத்ததற்குப் பலிக்காது.

அப்படிப் பிணை நின்றவர் தன் கைப்பணத்தைக் கட்ட நேர்ந்தால், அதை வாங்கியவரிடமிருந்து திரும்பப் பெறும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. முழுக் கடனையும் அவரே தீர்த்தால், வங்கியிடம் உள்ள ஈட்டின்மேல் வங்கிக்கு இருந்த உரிமையும் அவருக்கு வரும். ஆனால் பணத்தை வாங்கியவரின் கணக்கில் சும்மா செலுத்திவிட்டு வந்தால் பாஸ்புக்கில் ‘ரொக்கம் வரவு’ என்றுதான் விழும், கட்டியவர் பெயர் எங்கும் இருக்காது. செலுத்துச் சீட்டில் ‘பிணையாளர் செலுத்தியது’ என்று உங்கள் பெயரோடு எழுதி, முத்திரை வைத்த அடிக்கட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.