ஷேர் சர்டிபிகேட்டின் பின்பக்கம்

மும்பையில் வாடகைக்கு வீடு தேடும் நம்மூர்க் குடும்பங்கள் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கும், டெபாசிட்டில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்கும், பக்கத்தில் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று விசாரிக்கும். "இந்த வீடு உங்கள் பேரில்தான் இருக்கிறதா? பேப்பரைக் காட்டுங்களேன்" என்று கேட்க மட்டும் நா எழாது. எதிரே உட்கார்ந்திருப்பவர் வயதில் பெரியவர், டீ வேறு கொடுத்திருக்கிறார். சந்தேகப்படுவதாக நினைத்துவிட்டால் என்ன செய்வது என்ற கூச்சம்.

அதற்குப் புரோக்கர் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: "அக்ரிமென்ட்தான் ரிஜிஸ்டர் ஆகப்போகிறதே, அப்புறம் என்ன கவலை?" பாதி உண்மை. மகாராஷ்டிரத்தில் வீட்டு வாடகை பெரும்பாலும் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தமாகத்தான் எழுதப்படுகிறது. 1999ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி அதைப் பதிவு செய்தே ஆகவேண்டும். பதினொரு மாதம் என்று எழுதினால் பதிவு தேவையில்லை என்ற கணக்கு அங்கே செல்லாது. பதிவு செய்ய வேண்டிய பொறுப்பும் வீட்டுக்காரருடையது.

ஆனால் அந்தப் பதிவில் என்ன சரிபார்க்கப்படுகிறது? ஆதார் எண், கைரேகை. கையெழுத்துப் போடுகிறவர் தான் சொல்லும் ஆள்தானா என்பது மட்டும். அந்த ஆளுக்கு அந்த வீட்டின் மேல் உரிமை இருக்கிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. தன் சொந்தப் பெயரில், சொந்த ஆதாரில், தனக்குச் சொந்தமில்லாத வீட்டை ஒருவர் வாடகைக்கு விட்டாலும் அச்சடித்த பக்கங்கள் கச்சிதமாகத்தான் வெளியே வரும்.

கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும் என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. ஒருவர் அனுமதித்து அவர் வீட்டில் குடிபுகுந்த பிறகு, 'அனுமதி கொடுத்தபோது இவருக்கு உரிமையே இல்லை' என்று குடியிருப்பவர் வாதாட முடியாது. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 116ஆம் பிரிவு இது. 2023ல் வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. வெளியாள் ஒருவர் வந்து 'வீடு என்னுடையது' என்று நிற்கும்போது, நாம் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்வோம்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது 'இன்டெக்ஸ் டூ'. தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்றைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வில்லங்கச் சான்று ஒரு சொத்தின் பல ஆண்டு நடவடிக்கைகளை வரிசையாகக் காட்டும். இன்டெக்ஸ் டூ என்பது பதிவான ஒரே ஒரு பத்திரத்தின் சுருக்கம், பெரும்பாலும் ஒற்றைப் பக்கம். மராத்தியில் இருக்கும். பத்திரத்தின் வகை, தொகை, பிளாட் எண், கட்டடத்தின் பெயர், பரப்பளவு, எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர், பதிவான தேதி, பத்திர எண் எல்லாம் அதில் வந்துவிடும். நாம் பார்க்க வேண்டியது எழுதி வாங்கியவர் பெயரையும் பிளாட் எண்ணையும். அந்தப் பெயர் நம்மோடு பேசிக்கொண்டிருப்பவரின் ஆதாரில் இருக்கும் பெயராக இருக்க வேண்டும். அங்கே ஒரு பெயருக்கு இரண்டு பெயர் இருந்தால் இரண்டு பேருமே கையெழுத்துப் போட வேண்டும், அல்லது ஒருவர் மற்றவருக்கு அதிகாரப் பத்திரம் தந்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் தரும் நகலை நம்பித்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. மகாராஷ்டிரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் (igrmaharashtra.gov.in) ஆண்டையும் இடத்தையும் சொத்து எண்ணையும் கொடுத்து இலவசமாகத் தேடலாம். தேடல் சில நேரம் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் ஒரு கூடுதல் லாபம் உண்டு: லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தங்களும் அதில் வருவதால், அதே வீடு வேறொருவருக்கு ஏற்கெனவே விடப்பட்டிருந்தால் அதுவும் கண்ணில் படலாம். ஒரே வீட்டுக்குப் பல பேரிடம் டெபாசிட் வாங்கும் ஆளைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி தெரியவில்லை.

இரண்டாவது, சொசைட்டி கொடுக்கும் ஷேர் சர்டிபிகேட். மும்பையின் அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களாகப் பதிவானவை. வீட்டுக்காரர் அதில் பங்கு வைத்திருக்கும் உறுப்பினர். பழைய கட்டடங்களில் ஐம்பது ரூபாய் வீதம் ஐந்து பங்கு என்று போட்டிருக்கும். கோடி ரூபாய் வீட்டுக்கு இருநூற்றைம்பது ரூபாய்ப் பத்திரமா என்று புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அதன் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதுதான் எல்லோரும் செய்வது. முன்பக்கத்தில் இருப்பது முதன்முதலில் உறுப்பினரானவரின் பெயர். வீடு கைமாறும்போதெல்லாம் பின்பக்கத்து அட்டவணையில்தான் புதிய உறுப்பினரின் பெயரையும் மாற்றிய தேதியையும் எழுதி, நிர்வாகக் குழுவினர் கையெழுத்திட்டு, முத்திரை போடுவார்கள். இப்போதைய உறுப்பினர் யார் என்பது அந்தக் கடைசி வரியில் இருக்கிறது.

செம்பூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 40,000 ரூபாய், டெபாசிட் இரண்டு லட்சம், இருபத்து நான்கு மாத ஒப்பந்தம். வீட்டைக் காட்டியவர் ஐம்பது வயதுக்காரர், நல்ல மனிதர், சிறுவயதிலிருந்து அதே கட்டடத்தில் வளர்ந்தவர். வாட்ச்மேன் முதல் செக்ரட்டரி வரை எல்லோருக்கும் அவரைத் தெரியும். இன்டெக்ஸ் டூவில் அவர் அப்பா பெயர். ஷேர் சர்டிபிகேட்டின் முன்பக்கத்திலும் அப்பா பெயர், பின்பக்கம் காலி. அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. "நான்தான் நாமினி" என்கிறார்.

இவர் ஏமாற்றுக்காரர் இல்லை. மும்பையில் மிகச் சாதாரணமாகக் காணக்கூடிய நிலைமை இது. ஆனால் நாமினி என்பதாலேயே ஒருவர் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டப்படி, வாரிசுகள் யார் என்று முடிவாகும் வரை அவர் தற்காலிக உறுப்பினர்தான். சென்னையில் ஒரு அக்கா இருந்தால், அம்மா உயிரோடு இருந்தால், அவர்களுக்கும் பங்கு இருக்கலாம். நாளைக்கு உடன்பிறந்தவர்களுக்குள் மனஸ்தாபம் வந்தால் முதல் வக்கீல் நோட்டீஸ் குடியிருப்பவர் பேருக்கு வரும்: வாடகையை யாருக்கும் கொடுக்காதே என்று ஒருவர், எனக்குக் கொடு என்று இன்னொருவர். டெபாசிட் இரண்டு லட்சம் யார் கையில் என்பது அப்போது பெரிய கேள்வி.

அதற்காக வீட்டை விட்டுவிட வேண்டியதில்லை. அம்மாவும் அக்காவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம், அல்லது வாடகைக்கு விட மகனுக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தரலாம். அக்கா வெளிநாட்டில் இருந்தால், அங்கே எழுதிய அதிகாரப் பத்திரத்துக்கு அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அதிகாரப் பத்திரத்தில் 'வாடகைக்கு விட' என்று தெளிவாக இருக்கிறதா, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். அவர் இறந்த அன்றே அந்த அதிகாரமும் போய்விடும்.

இனி சொசைட்டி. இங்கே சட்டம் ஒரு பக்கம், நடைமுறை ஒரு பக்கம். 2014ஆம் ஆண்டு மாதிரி துணை விதிகளின்படி, வாடகைக்கு விட உறுப்பினர் சொசைட்டியிடம் முன் அனுமதி வாங்கத் தேவையில்லை. எட்டு நாள் முன்னதாகத் தெரிவித்து, ஒப்பந்த நகலையும் போலீஸுக்குத் தகவல் கொடுத்த விவரத்தையும் தந்தால் போதும். ஆனால் பல சொசைட்டிகள் என்ஓசி இல்லாமல் சாமான் வண்டியைக் கேட்டுக்குள் விடுவதில்லை. விதியை எடுத்துக்காட்டி வாதாடலாம்தான். லாரி வாடகை ஏறிக்கொண்டிருக்க, பிரிட்ஜ் நடுரோட்டில் நிற்க, யார் வாதாடுவார்கள்?

ஆகவே என்ஓசியை வீட்டுக்காரர்தான் வாங்கித் தர வேண்டும், அதுவும் கையெழுத்துக்கு முன்னால். கமிட்டி மாதம் ஒருமுறைதான் கூடும் இடங்களில் தாமதமாகும். அந்தக் கடிதத்தில் பிளாட் எண், உறுப்பினர் பெயர், குடிவருபவர் பெயர், ஒப்பந்தக் காலம், பாக்கி எதுவும் இல்லை என்ற வரி ஆகியவை இருக்கட்டும். கடிதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, நாமே ஒருநாள் மாலை சொசைட்டி ஆபீசுக்குப் போய்ப் பேசுவது. "இந்த பிளாட்டின் மெம்பர் யார்? பாக்கி ஏதும் இருக்கிறதா? கார் பார்க்கிங் யார் பேரில்?" என்ற மூன்று கேள்வி போதும். வீட்டுக்காரர் 'பார்க்கிங் உண்டு' என்று வாய்விட்டுச் சொன்ன இடம் வேறொருவருடையதாக இருப்பது அங்கேதான் தெரியவரும்.

கூடவே கடைசி மெயின்டனன்ஸ் பில்லைக் கேளுங்கள். வாடகைக்கு விடும் வீட்டுக்குச் சொசைட்டி தனியாக 'நான் ஆக்குபன்சி' கட்டணம் வாங்கும். அது சேவைக் கட்டணத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2001லேயே அரசு வரம்பு வைத்துவிட்டது. வீட்டில் ஏற்கெனவே ஆள் குடியிருந்ததாகச் சொல்கிறார், ஆனால் பில்லில் அந்த வரியே இல்லை என்றால், அந்தச் சிறு தொகையை மிச்சப்படுத்த 'சொந்தக்காரர்கள் தங்கியிருக்கிறார்கள்' என்று சொல்லியிருக்கலாம். உங்களையும் அப்படித்தான் சொல்லச் சொல்வார். அந்தப் பொய்யில் மாட்டினால் முகவரிச் சான்றுக்குக்கூடச் சொசைட்டியிடம் கடிதம் கேட்க முடியாது.

மூலப் பத்திரமும் ஷேர் சர்டிபிகேட்டும் கையில் இல்லை, நகல்தான் இருக்கிறது என்று சொல்பவரை உடனே சந்தேகிக்க வேண்டாம். வீட்டுக் கடன் இருந்தால் மூலம் வங்கியில் இருப்பது வழக்கம். கடன் இருப்பதில் தப்பில்லை. தவணை நிற்பதில்தான் ஆபத்து. தவணை கட்டாமல் போய், வங்கி சர்ஃபாசி சட்டத்தின் அறுபது நாள் நோட்டீஸ் அனுப்பிவிட்டால், அதன்பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அந்த வீட்டை வாடகைக்கு விடக்கூடாது. விட்டால், வங்கி வீட்டை எடுக்க வரும்போது நம் ஒப்பந்தம் நிற்காது. சமீபத்திய கடன் கணக்கு விவரத்தைக் கேட்டால் தவணை ஒழுங்காகப் போகிறதா என்பது அதிலேயே தெரியும். தொகையை மறைத்துக் காட்டட்டும், பரவாயில்லை.

எப்படிக் கேட்பது என்பதற்கு ஒரு யோசனை. சந்தேகத்தைக் காரணமாகச் சொல்ல வேண்டியதே இல்லை. "ஆபீசில் வீட்டு வாடகைப்படிக்குக் கேட்பார்கள் சார், உங்கள் பான் நம்பரும் இன்டெக்ஸ் டூ காப்பியும் வேண்டும்" என்று சொல்லலாம். பான் விஷயத்தில் இது பொய்யும் இல்லை. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வரிச்சலுகைக்கு வீட்டுக்காரரின் பான் எண் தேவை. பான் அட்டையில் இருக்கும் பெயர், இன்டெக்ஸ் டூவில் இருக்கும் பெயர், சொசைட்டி பில்லில் இருக்கும் பெயர் மூன்றும் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம்.

இதெல்லாம் டோக்கன் கொடுப்பதற்கு முன்பு. "இன்னொரு பார்ட்டி இன்றைக்கே செக் தருகிறார்" என்று புரோக்கர் அவசரப்படுத்துவார். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் சிறு தொகையாக, வங்கி வழியாக, இன்டெக்ஸ் டூவில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே அனுப்புங்கள். 'உரிமைப் பத்திரமும் சொசைட்டி என்ஓசியும் தராவிட்டால் திருப்பித் தரப்படும்' என்று ஒரு வரியை வாட்ஸ்அப்பிலாவது எழுதி, அவரிடம் 'சரி' வாங்கிக்கொள்ளுங்கள். மீதி டெபாசிட் பதிவு முடிந்த பிறகு, சாவி கைக்கு வரும்போது.