ஸ்பார்க் பிளக் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளப்பது எப்படி?

ஃபீலர் கேஜ் என்பது அளவு பொறித்த மெல்லிய எஃகுத் தகடுகளின் தொகுப்பு. தகடுகள் ஒரு முனையில் ஒரே ஆணியில் கோக்கப்பட்டு, பேனாக்கத்தி போல உறைக்குள் மடங்கிக் கிடக்கும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் தொகுப்பில் 0.05 மில்லிமீட்டரில் தொடங்கி 1 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள தகடுகள் இருக்கும். இந்தக் கருவியில் நகரும் முள்ளோ அளவுக்கோடுகளோ இல்லை. எந்தத் தகடு இடைவெளிக்குள் சற்றே உரசியபடி நுழைகிறதோ, அதன் தடிமன்தான் அந்த இடைவெளியின் அளவு. அந்த உரசலை உணர்ந்து சொல்வது அளப்பவரின் விரல்.

பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கில் இத்தகைய இடைவெளி ஒன்று உண்டு. பீங்கானின் நடுவிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பது நடு மின்முனை. உலோக உடலிலிருந்து கிளம்பி அதன் தலைக்கு மேல் வளைந்து நிற்பது பக்க மின்முனை. இவ்விரண்டுக்கும் நடுவே தாவும் மின்பொறிதான் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பற்றவைக்கிறது. பொறி தாவும் ஒவ்வொரு தடவையும் மின்முனையின் உலோகம் துளித்துளியாக அரிக்கப்படுவதால், வண்டி ஓட ஓட இடைவெளி அகலமாகும்.

இடைவெளி கூடினால் பொறி தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும். சிலிண்டருக்குள் கலவை பலமாக அழுத்தப்படும்போது இந்தத் தேவை இன்னும் ஏறுகிறது. அதனால் நிறுத்தி வைத்து ஓட்டினால் சீராக ஓடும் எஞ்சின், மேட்டில் ஏறும்போதோ ஆக்சிலரேட்டரைத் திடீரென்று முறுக்கும்போதோ விட்டுவிட்டு எரியும். இடைவெளி குறைந்தால் பொறி குட்டையாகிவிடும். மெதுவாக ஓடும்போது கலவை சரியாகப் பற்றாமல் எஞ்சின் தடுமாறும். சிறு கரித்துணுக்கு விழுந்தாலே இரு மின்முனைகளும் ஒட்டிப்போய்ப் பொறி அடியோடு நின்றுவிடவும் கூடும்.

சரியான அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். அதை வண்டியின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். சிறிய பைக்குகள் பலவற்றுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை என்று குறிக்கப்பட்டிருக்கும். அத்தகைய பைக் ஒன்றின் பழைய பிளக்கை அளப்பதாகக் கொள்ளலாம்.

எஞ்சின் முழுக்க ஆறியபின்தான் பிளக்கைக் கழற்ற வேண்டும். சூடான அலுமினிய ஹெட்டிலிருந்து திருகினால் மரை கெட்டுவிடும். முதலில் பிளக் கேப்பை, ஒயரைப் பிடித்து இழுக்காமல், கேப்பையே பிடித்துக் கழற்ற வேண்டும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதி அகற்றாவிட்டால், பிளக் வெளியே வந்ததும் அது சிலிண்டருக்குள் விழும். பிறகு பிளக் ஸ்பேனரை நேராகப் பொருத்தித் திருகலாம். சாய்த்துத் திருகினால் பீங்கான் விரியும். கழற்றிய பிளக்கின் மின்முனைகளில் உள்ள கரியைத் துடைத்துவிட வேண்டும். கரியின் மேல் வைத்து அளந்தால் கரியின் தடிமன்தான் அளவில் குறையும்.

இனி அளவு. கையேட்டின் மேல் வரம்பான 0.70 தகட்டை எடுத்து, இரு மின்முனைகளின் பரப்புக்கும் இணையாகப் பிடித்து நுழைக்க வேண்டும். தகடு எங்கும் படாமல் அங்குமிங்கும் ஆடினால் இடைவெளி அதைவிடப் பெரிது. அடுத்து 0.80 தகடு: நுழைகிறது, இழுக்கும்போது லேசாகப் பிடிக்கிறது. 0.90 தகடு நுழையவே இல்லை. ஆகவே இடைவெளி 0.80 மில்லிமீட்டர், இருக்க வேண்டியதைவிட 0.10 அதிகம். சரியென்று தோன்றும் தகட்டோடு நிறுத்திவிடாமல், அதற்கடுத்த பெரிய தகடு நுழையவில்லை என்பதையும் பார்த்தால்தான் அளவு உறுதியாகும்.

இந்த உரசலில்தான் பலர் தவறுகிறார்கள். தகட்டை அழுத்தித் திணித்தால் பக்க மின்முனை சற்றே விலகிக் கொடுக்கும். உண்மையைவிடப் பெரிய அளவு கிடைக்கும். தகட்டைச் சாய்த்துப் பிடித்தால் அதன் ஓரங்கள் முன்கூட்டியே முட்டிக்கொள்ளும். உண்மையைவிடச் சிறிய அளவு கிடைக்கும். மிக மெல்லிய தகடுகள் தள்ளும்போது மடங்கும் என்பதால், நுழைத்தபின் மெதுவாக வெளியே இழுக்கும்போது உரசலைக் கவனிப்பதே நல்லது.

அடுத்து இடைவெளியைக் குறைக்க வேண்டும். பிளக்கைத் தலைகீழாகப் பிடித்து, பக்க மின்முனையின் முதுகை ஒரு மரக்கட்டையின் மேல் மெல்லத் தட்டி, ஒவ்வொரு தட்டலுக்குப் பிறகும் அளக்க வேண்டும். இப்போது 0.60 தகடுகூட நுழையவில்லை என்றால் தட்டல் அதிகமாகிவிட்டது. பக்க மின்முனையை மட்டும் பிடித்து வளைக்கும் கருவியால் அதைக் கொஞ்சம் திறக்கலாம். ஸ்க்ரூ டிரைவரை நடு மின்முனையின் மேல் ஊன்றி நெம்பக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் பீங்கானில் விழும், பொறி அதன் வழியே கசிந்துவிடும். வரம்பின் நடு அளவான 0.65-க்குத் தனித் தகடு இல்லாத தொகுப்பில், 0.60 தகட்டையும் 0.05 தகட்டையும் துடைத்துச் சேர்த்துப் பிடிக்கலாம். இடையே எண்ணெயோ தூசியோ இருந்தால் அதுவும் அளவில் சேர்ந்துவிடும். இரண்டும் சேர்ந்து லேசாக உரசி நுழைந்து, 0.70 தகடு நுழையாமல் நின்றால் வேலை முடிந்தது.

நெடுநாள் ஓடிய பிளக்கில் தட்டைத் தகடு தவறான அளவைக் காட்டக்கூடும். நடு மின்முனைக்கு நேர் எதிரே, பக்க மின்முனையின் உட்பக்கம் அரித்துச் சிறு பள்ளம் விழுந்திருக்கும். தகடு அந்தப் பள்ளத்துக்குள் இறங்காமல் அதன் கரைகளில் தங்கி நின்றுவிடும். தகடு 0.70 என்று காட்டினாலும், பொறி தாவ வேண்டிய தூரம் அதைவிட அதிகமாக இருக்கும். பழைய பிளக்குகளுக்கு, தகட்டுக்குப் பதிலாக அளவுள்ள உருண்டைக் கம்பிகள் கொண்ட கேஜ் பொருத்தமானது. கம்பி பள்ளத்துக்குள் இறங்கி உண்மை அளவைத் தரும். ஆனால் பள்ளம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு விழுந்து, நடு மின்முனையின் விளிம்பும் மழுங்கிப்போயிருந்தால், இடைவெளியைத் திருத்துவதில் பயனில்லை. கூரான விளிம்பிலிருந்துதான் பொறி எளிதில் தாவும். மழுங்கிய பிளக்கை மாற்றிவிடுவதே வழி.

இரிடியம் பிளக்குகளின் கதை வேறு. அவற்றின் நடு மின்முனை ஊசி போல மெலிந்தது, எளிதில் நொறுங்கக்கூடியது. எஃகுத் தகடு அதன்மேல் உரசினால் நுனி சேதமாகும். பெரும்பாலும் அவை இடைவெளி சரிசெய்யப்பட்டே வருவதால், தயாரிப்பாளர் சொன்னாலொழிய அவற்றைத் தட்டவோ வளைக்கவோ கூடாது.

அளந்து முடித்த பிளக்கை முதலில் கையாலேயே திருக வேண்டும். தொடக்கத்திலேயே இறுக்கமாக இருந்தால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது என்று பொருள்; கழற்றி மறுபடி தொடங்க வேண்டும். வாஷர் ஹெட்டில் உட்கார்ந்தபின் ஸ்பேனரால் இறுக்கலாம். புதிய பிளக்குக்கு ஏறத்தாழ அரைச் சுற்று தேவைப்படும். பழைய பிளக்கின் வாஷர் முன்பே நசுங்கியிருப்பதால் அதற்கு அதைவிட மிகக் குறைவான திருப்பம் போதும்.

கேஜின் தகடுகளும் தேயும், மடங்கும், துருப்பிடிக்கும். கரி சுரண்டவோ வேறு எதையும் நெம்பவோ அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. மடிப்பு விழுந்த தகடு தன் தடிமனைவிட அதிகமாக இடத்தை அடைத்துக்கொள்வதால், அதை ஒதுக்கிவிட வேண்டும். ஐயமிருந்தால் தகட்டின் தடிமனை மைக்ரோமீட்டரால் சரிபார்க்கலாம். வேலை முடிந்ததும் தகடுகளைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி மடித்து வைக்க வேண்டும். அடுத்த முறை அளக்கும் முன் அந்த எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும்.